எண்பது வேண்டும் என்ற விடை

நோட்டன் பிரிட்ஜில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. "டீச்சர், இன்னும் எவ்வளவு எடுத்தா பாஸ்?" என்பதுதான் அது. சாதாரண தரப் பரீட்சையில் முதலாம் கணித வினாத்தாள் முடிந்து இரண்டாவது வருவதற்குள் பஸ் நிறுத்தத்திலும் கடை வாசலிலும் என்னை மறித்து இதைக் கேட்பார்கள். பள்ளிக்கூடம் முடித்து ஹட்டன் பக்கம் டிப்ளோமா படிக்கப் போன பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது இதையே கேட்டு வருவார்கள். மழைக் காலத்தில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து, ஈரக் கொப்பியைத் துடைத்து, கேட்டுவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு.

கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தரம் எட்டில் படிக்கிற எளிய சமன்பாடு போதும். கண்டுபிடித்த விடை சரிதானா என்று பார்ப்பதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாதாரண தரக் கணிதம். இரண்டு வினாத்தாள்களுக்கும் தலா 100 புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது இறுதிப் புள்ளி. 35 எடுத்தால் எஸ், 50 எடுத்தால் சி, 65க்கு பி, 75க்கு ஏ. முதல் வினாத்தாளில் தனக்கு 22 வரும் என்று ஒரு பையன் கணக்குப் போட்டிருந்தான். எஸ் வேண்டுமென்றால் இரண்டாவதில் எவ்வளவு தேவை? "முப்பத்தஞ்சுல இருபத்திரண்டு போனா பதிமூணு. பதிமூணு எடுத்தாப் போதும் டீச்சர்" என்றான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அவனிடம் விளக்கம் சொல்லாமல் அந்த 13ஐ அது போக வேண்டிய இடத்தில் போடச் சொன்னேன். 22ஐயும் 13ஐயும் கூட்டினால் 35. அதை இரண்டால் வகுத்தால் 17.5. பரீட்சைத் திணைக்களம் அவனுக்குப் போடப்போவது 35 அல்ல, பதினேழரை என்று அவனே பார்த்துக்கொண்டான். பிறகு திருத்தி எழுதினான்: இரண்டையும் கூட்டி 70 வர வேண்டும், 70இல் 22 போனால் 48. மறுபடி போட்டுப் பார்த்தான். 22ஐயும் 48ஐயும் கூட்டினால் 70, பாதி 35. 13க்கும் 48க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளை அடுத்த நாட்களில் எவ்வளவு படிக்கும் என்பதையே மாற்றிவிடும். 13தான் தேவை என்று நம்பிய பிள்ளை கேத்திர கணிதத்தைத் தொடவே தொடாது.

எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்கு வாய்ப்புப் பார்த்தல் என்று பெயர். விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டு இடக்கைப் பக்கமும் வலக்கைப் பக்கமும் சமனாகிறதா என்று பார்ப்பது. இது மிகப் பழைய பழக்கம். எகிப்தில் கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரசு இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 24ஆவது கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? எழுதியவர் விடையோடு நிற்கவில்லை. இன்றைய முறையில் எழுதினால் விடை பதினாறும் எட்டில் ஐந்தும். அதன் ஏழில் ஒரு பங்கு இரண்டும் எட்டில் மூன்றும். இரண்டையும் கூட்டி 19 வருகிறது என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் கூட்டிப் பார்த்தது கேள்வியில் சொன்ன அளவுகளையே என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். தான் இடையில் போட்ட எந்த வரியையும் அவர் துணைக்கு எடுக்கவில்லை. இது ஏன் முக்கியம் என்பதை எனக்குக் கண்ணுக்கு முன்னால் காட்டியது ஒரு டிப்ளோமா மாணவியின் கொப்பி.

அந்தப் பிள்ளை என்னிடம் சாதாரண தரம் படித்தவள். அப்பா மின்நிலையத்தில் கூலிக்கு வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தார். பிறகு அவள் ஒரு நிறுவனத்தில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், கடைசிப் பரீட்சைல எம்பது எடுக்கணுமாம். இவ எம்பது எடுக்கிற பாடமில்ல இது. பரீட்சைக்குப் பணங்கட்டாம விட்டுட்டு அடுத்த வருசம் பாக்கலாமான்னு கேக்கிறா" என்றார் அம்மா. மகள் ஒன்றும் பேசாமல் கொப்பியை நீட்டினாள்.

பாடத்தின் விதி இப்படி இருந்தது. ஒப்படைக்கு 20 சதவீதம், செயன்முறைப் பரீட்சைக்கு 30 சதவீதம், இறுதி எழுத்துப் பரீட்சைக்கு 50 சதவீதம். மொத்தம் 50 வந்தால் சித்தி. ஒப்படையில் அவளுக்கு 17, செயன்முறையில் 22. இறுதிப் பரீட்சையில் எடுக்க வேண்டியதை x என்று வைத்து அவள் எழுதியிருந்தாள்:

0.2 × 17 + 0.3 × 22 + 0.5 × x = 50

அடுத்த வரிகளில் 3.4, 6.6, இரண்டும் சேர்ந்து 10. மீதி 40. அதை 0.5ஆல் வகுத்து 80. அதோடு விடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே வாய்ப்பும் பார்த்திருந்தாள்: 3.4 + 6.6 + 40 = 50. பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சரி அடையாளம்.

சமன்பாட்டில் பிழையில்லை. தீர்த்ததில் பிழையில்லை. பிரதியிட்டதிலும் பிழையில்லை. ஆனால் விடை முழுக்கத் தவறு. ஒப்படையின் 17 என்பது 25க்கு 17. செயன்முறையின் 22 என்பது 50க்கு 22. அவள் இரண்டையும் 100க்கு எடுத்த புள்ளிகளாகவே எடுத்துக்கொண்டாள். புள்ளிப் பட்டியலை ஒரு தோழி போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டதில், எத்தனைக்கு எத்தனை என்று போட்டிருந்த நிரல் விழவில்லை. முழுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது கொப்பியைப் பார்த்ததும்தான். ஒப்படைக்கு 17 புள்ளிதான் கொடுத்தார்கள் என்றால் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். இவள் அப்படிப்பட்டவள் அல்ல. அதனால்தான் பட்டியலைக் கேட்டேன். பட்டியல் வந்ததும் அவளுடைய சமன்பாட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, வேறொரு தாளில் பட்டியலை மட்டும் பார்த்து எழுதச் சொன்னேன்.

ஒப்படை: 25க்கு 17, பங்கு 20. பதினேழை 25ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் 13.6.
செயன்முறை: 50க்கு 22, பங்கு 30. அதே மாதிரி செய்தால் 13.2.
இறுதிப் பரீட்சை: 100க்கு 80 என்று அவள் சொன்ன விடை, பங்கு 50. அது 40.

மூன்றையும் கூட்டினாள். 66.8. இலக்கு 50 என்றால் விடையைப் போட்டால் 50தான் வர வேண்டும், 66.8 வரக் கூடாது. அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவுக்குக் கணக்குப் புரியவில்லை, ஆனால் மகள் முகம் மாறியது புரிந்தது.

ஒரே விடை, இரண்டு இடத்தில் பிரதியிட்டோம். தன் சமன்பாட்டில் போட்டபோது 50 வந்தது, பட்டியலில் போட்டபோது 66.8 வந்தது. சமன்பாட்டை எழுதும்போதே நுழைந்த பிழையை அதே சமன்பாட்டில் பிரதியிட்டுப் பிடிக்க முடியாது. 17ஐ 17 சதவீதம் என்று எடுத்தவள், வாய்ப்புப் பார்க்கும்போதும் அதே 3.4ஐத்தான் போடுவாள். அப்படிச் செய்கிற வாய்ப்பு ஒன்றை மட்டுமே சோதிக்கிறது: x ஐத் தனியாக்கிய வரிகளில் கூட்டல் கழித்தல் பிழை உண்டா இல்லையா என்பதை. அதுவும் தேவைதான், இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் அங்கேயும் விழுவார்கள். ஆனால் விதியைச் சமன்பாடாக மாற்றுகிற இடத்தில்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. அந்த இடத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் சமன்பாட்டுக்கு முந்தைய இடத்துக்குப் போக வேண்டும். நிறுவனம் கொடுத்த பட்டியல், அதில் உள்ள முழுப் புள்ளி, பங்கு இவைதான் அந்த இடம். அங்கிருந்து ஒரு குமாஸ்தா கூட்டுவது மாதிரி கூட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு முறையை வைத்துக்கொண்டேன். விடை எடுத்த பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். வாய்ப்பை அடுத்த பக்கத்தில், பட்டியலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். முன் பக்கத்திலிருந்து கொண்டுவரக்கூடியது ஒரே ஒரு எண், கண்டுபிடித்த விடை. மற்ற எல்லாம் பட்டியலிலிருந்து மறுபடி வர வேண்டும். பிள்ளைகளுக்கு இது அலுப்பு. 13.6ஐ இரண்டாம் தடவை கணக்கிடுவது வீண் வேலை மாதிரி தெரியும். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரியான விடைக்கு வருவோம். 13.6உம் 13.2உம் சேர்ந்து 26.8. மொத்தம் 50 வேண்டுமென்றால் மீதி 23.2. இறுதிப் பரீட்சையின் பங்கு 50, அதாவது அங்கே எடுக்கிற ஒவ்வொரு இரண்டு புள்ளியும் மொத்தத்தில் ஒன்றாகிறது. எனவே 46.4. எண்பது எங்கே, நாற்பத்தாறு சொச்சம் எங்கே! அவளுடைய கொப்பியில் நான் ஒன்றும் எழுதவில்லை. அவளே கணக்குப் போட்டாள், அவளே பட்டியலிலிருந்து கூட்டினாள்: 13.6 + 13.2 + 23.2 = 50.

இந்த விடை நம்பத் தகுந்தது என்று பிரதியிடாமலேயே சொல்ல ஒரு வழி உண்டு. ஒப்படைக்கும் செயன்முறைக்கும் சேர்த்து 50 பங்கில் அவள் 26.8 எடுத்துவிட்டாள். அது பாதிக்கு மேல். சதவீதமாகச் சொன்னால் 53.6. இலக்கு 50. இதுவரை இலக்குக்கு மேலே நிற்கிற பிள்ளைக்கு மீதியில் தேவைப்படுவது இலக்குக்குக் கீழேதான் இருக்க முடியும். இரண்டு பாதிகளின் பங்கும் சமனாக இருப்பதால் மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு: 53.6 மூன்றரைக்குக் கொஞ்சம் மேல் கூடுதல், 46.4 அதே அளவு குறைவு. சாதாரண தரப் பையனின் 22உம் 48உம் 35இலிருந்து இரண்டு பக்கமும் 13 தள்ளி நிற்பதும் இதனால்தான். பங்குகள் சமனில்லாதபோது தூரங்கள் சமனாக இருக்காது, ஆனால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் என்பது மட்டும் மாறாது. தராசின் இரண்டு தட்டுகளைப் போல என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முழுப் பட்டியலைக் கையில் வைத்து இதைப் பழகிய பிள்ளை, 80 என்று பார்த்த கணமே எங்கோ பிசகு என்று நிறுத்தியிருக்கும்.

46.4 என்பது எழுத்துப் பரீட்சையில் யாருக்கும் கிடைக்காத புள்ளி. அந்த நிறுவனத்தில் வினாத்தாளை முழு எண்ணில்தான் திருத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த மட்டந்தட்டல் விதிப்படி 46.4ஐ 46 என்று எழுதத் தோன்றும். அவளும் அப்படித்தான் எழுதினாள். பிரதியிடுவதன் அடுத்த பயன் இங்கேதான். 46ஐப் போட்டால் அதன் பங்கு 23, மொத்தம் 49.8. இலக்குக்குக் கீழே. 47ஐப் போட்டால் பங்கு 23.5, மொத்தம் 50.3. அப்படியென்றால் தேவை 47.

தேவையான புள்ளியைக் கேட்கிற எந்தக் கணக்கிலும் நான் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். விடையாகச் சொல்கிற எண்ணைப் போட்டால் மொத்தம் இலக்கைத் தொட வேண்டும் அல்லது தாண்ட வேண்டும். அதற்கு ஒன்று குறைந்த எண்ணைப் போட்டால் இலக்குக்குக் கீழே நிற்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்தால் போதும் என்று விடுவது ஆபத்து. 60ஐப் போட்டாலும் மொத்தம் 50ஐத் தாண்டும், 70ஐப் போட்டாலும் தாண்டும். அவை போதுமான புள்ளிகள், ஆனால் தேவையான புள்ளி அல்ல. ஒன்று குறைத்தால் விழுகிறது என்று காட்டும்போதுதான் அது கடைசி எல்லை என்று உறுதியாகிறது. தேவையான புள்ளியைக் கண்டுபிடிக்கும்போது எப்போதும் மேலே உள்ள முழு எண்ணுக்கே போக வேண்டும், தசமம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. 46.1 வந்தாலும் 47தான்.

சந்தோஷத்தில் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப டீச்சர், டிஸ்டிங்ஷன் எடுக்க எவ்வளவு வேணும்?" அந்த நிறுவனத்தில் அதற்கு 80. 80இல் 26.8 போனால் 53.2. அதை 0.5ஆல் வகுத்தால் 106.4. அவள் பிரதியிட்டுப் பார்த்தாள்: 13.6 + 13.2 + 53.2 = 80. கச்சிதமாகச் சமன். "சரியா வருதே டீச்சர்!" என்றாள்.

சரியாக வருவது உண்மை. சமன்பாட்டுக்கு 100க்கு மேல் புள்ளி இல்லை என்பது தெரியாது. 106.4 எடுத்தால் 80 வரும் என்பதைத்தான் பிரதியிடல் சொல்கிறது, 106.4 எடுக்க முடியும் என்று அது சொல்லவில்லை. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எளிய வழி, விடைக்குப் பதிலாக 100ஐப் போட்டுப் பார்ப்பது. 26.8உடன் 50ஐக் கூட்டினால் 76.8. அவளால் எட்டக்கூடிய உச்சம் அது. அதற்கு மேல் எந்த இலக்கும் அந்தப் பாடத்தில் அவளுக்கு மூடிவிட்டது. இதைச் சொல்லும்போது சில பிள்ளைகளின் முகம் சுண்டும். ஆனாலும் சொல்லிவிட வேண்டும். இல்லாத இலக்குக்கு இராத்திரி பகலாகப் படித்து மற்றப் பாடத்தைக் கோட்டை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திறமைச் சித்திக்கு 65 என்றால் தேவை 76.4, அதாவது 77. போட்டுப் பார்த்தால் 65.3. 76க்கு 64.8. அது கடினம், ஆனால் நடக்கக்கூடியது. இவள் அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டாள்.

இதே சிக்கல் மறுபக்கத்திலும் வரும். அதே வகுப்பில் படித்த இன்னொரு பிள்ளைக்கு ஒப்படையில் 16 பங்கும் செயன்முறையில் 21 பங்கும் கிடைத்திருந்தது. மொத்தம் 37. சித்திக்கு இன்னும் 13 தேவை, இறுதிப் பரீட்சையில் 26 எடுத்தால் போதும். பிரதியிட்டால் 37 + 13 = 50. ஒன்றும் குறையில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் கையேட்டில், மொத்தம் எவ்வளவானாலும் இறுதிப் பரீட்சையில் குறைந்தது 40 எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மொத்தத்தைக் கூட்டுகிற விதியில் அந்த வரி கிடையாது, எனவே மொத்தத்தில் போட்டுப் பார்க்கிற வாய்ப்பு அதைப் பிடிக்காது. அந்தப் பிள்ளைக்குத் தேவை 26 அல்ல, 40. கையேட்டை முழுக்கப் படிக்காமல் எந்த வாய்ப்பும் முழுமையாகாது என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்கிறேன். இப்படித் தனித்தனிப் பகுதிகளுக்குக் குறைந்தபட்சம் வைத்திருக்கிற படிப்புகள் நிறைய உண்டு.

விதியையே பிழையாக எழுதி வந்த பிள்ளைகளும் உண்டு. ஒருவன் ஒப்படை 20, செயன்முறை 30, இறுதி 60 என்று எழுதியிருந்தான். இரண்டு வருடக் கையேடுகளைக் கலந்து பார்த்ததன் விளைவு அது. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அவனுடைய சொந்தப் புள்ளிகளே தேவையில்லை. எல்லாப் பகுதியிலும் முழுப் புள்ளி எடுத்த பிள்ளையை நினைத்துக்கொண்டு விதியில் போடு என்றேன். 20, 30, 60 கூட்டினால் 110. முழுப் புள்ளி எடுத்தவருக்கு 100தான் வர வேண்டும். விதி பிழை என்பது ஒரு வரியில் வெளிப்பட்டது. தேவையான புள்ளியைத் தேடத் தொடங்குவதற்கு முன்னாலேயே இந்த ஒரு வரியைப் போட்டுவிடுவது நல்லது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு: 20ஐயும் 30ஐயும் இடம் மாற்றி எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 100 ஆகவே இருக்கும், சோதனை ஒன்றும் சொல்லாது. இடம் மாறினால் அந்த டிப்ளோமா மாணவியின் 26.8 எப்படி ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். ஒப்படையின் 68 சதவீதத்துக்கு 30 பங்கு கொடுத்தால் 20.4, செயன்முறையின் 44 சதவீதத்துக்கு 20 பங்கு கொடுத்தால் 8.8, சேர்ந்து 29.2. தேவை 41.6 ஆகிவிடுகிறது. அவள் 42 எடுத்தால் போதும் என்று நம்பியிருப்பாள். உண்மையான பட்டியலில் 42 எடுத்தால் மொத்தம் 47.8, சித்தியில்லை. பட்டியலைப் பார்த்து மறுபடி எழுதுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வைத்துத் தீர்க்க முடியாமல் போனது. 49.8 வந்தால் நிறுவனம் அதை 50 ஆக்குமா, 49 என்று வெட்டுமா, அப்படியே 49.8 என்று போட்டு சித்தியில்லை என்பார்களா? கையேட்டில் அது இல்லை. திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போனில் பேசிக் கேட்டாள். பகுதிப் புள்ளிகளைத் தசமத்தோடேயே வைத்துக்கொண்டு, கடைசி மொத்தத்தை மட்டும் அரைக்கு மேல் இருந்தால் மேல் எண்ணுக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். அந்தப் பதிலை வைத்து மறுபடி பட்டியலிலிருந்து கூட்டினாள். 45க்கு 49.3, அது 49 ஆகும். 46க்கு 49.8, அது 50 ஆகும். ஆக உண்மையான எல்லை 47 அல்ல, 46. போனில் சொன்னது எழுத்தில் இல்லாததால் அவள் 46ஐ நம்பிப் படிக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டாள், கொப்பியில் 47ஐயும் 77ஐயும் எழுதிக்கொண்டாள், அவற்றுக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறைந்த எண்ணின் மொத்தத்தையும் எழுதிக்கொண்டாள்.